மார்பகப் புற்றுநோய்: ஹார்மோன் மாத்திரையோடு சேரும் இரண்டாவது மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்

முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை பெறும் பெண்கள் பலருக்கு இப்போது அதோடு இன்னொரு மாத்திரையும் கொடுக்கப்படுகிறது. பால்போசிக்லிப், ரிபோசிக்லிப், அபெமாசிக்லிப் என்பவை அந்த மாத்திரைகளின் பெயர்கள். இவை கீமோ மருந்துகள் அல்ல. முடி பெரும்பாலும் முழுதாகக் கொட்டுவதில்லை, கையில் ஊசி ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டியதும் இல்லை. வீட்டிலேயே விழுங்கிவிட்டு அன்றாட வேலைகளைப் பார்க்கலாம். ஆனால் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களை இவை குறைத்துவிடும். அதனால் குறிப்பிட்ட நாட்களில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது இந்தச் சிகிச்சையில் ஒரு பாதியாகவே ஆகிவிட்டது.

"மாத்திரைதானே, ரத்தத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்த நாளைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. அறிக்கையில் அளவு குறைந்திருப்பதைப் பார்த்துப் பயந்து, மருந்தையே நிறுத்திவிடுவோரும் உண்டு. எந்த அளவு வரை கவலை இல்லை, எப்போது காத்திருக்க வேண்டும், எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை அதிகம் பயன்படும் பால்போசிக்லிப் மாத்திரையை வைத்து இங்கே பார்க்கலாம்.

யாருக்கு இந்த மாத்திரை?

மார்பகக் கட்டியில் ஊசி போட்டு எடுக்கப்படும் சிறு துண்டு ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்கப்படும். அந்தப் புற்றணுக்கள் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனை நம்பி வளர்பவையா, அவற்றில் ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை கிடைக்கும். ஹார்மோன் 'உண்டு', ஹெர்2 'இல்லை' என்று வருபவர்களுக்குத்தான் இந்த மாத்திரைகள் பொருந்தும். மார்பகப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகையும் இதுவே.

நோய் எலும்புக்கோ, நுரையீரலுக்கோ, கல்லீரலுக்கோ பரவிய பிறகு அதை அடியோடு போக்குவது கடினம். வளரவிடாமல் எத்தனை காலம் கட்டிவைக்க முடியும் என்பதே அப்போது மருத்துவர்களின் குறிக்கோள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் பால்போசிக்லிப் வைத்து நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரையை மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் நடுக்கணக்காக 14.5 மாதங்கள் வளராமல் நின்றது. பால்போசிக்லிப்பையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அது 24.8 மாதங்களாக நீண்டது. ஏறக்குறைய பத்து மாதங்கள் கூடுதலாகக் கிடைத்தன.

மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்களுக்கும் இந்தச் சிகிச்சை உண்டு. அவர்களுக்குச் சினைப்பையின் வேலையை நிறுத்திவைக்கும் ஊசியும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடப்படும்.

மாத்திரை என்ன செய்கிறது?

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் சில கட்டங்களைக் கடக்கிறது. முதலில் வளர்கிறது, பிறகு தன் மரபணுச் சரட்டை இரட்டிப்பாக்குகிறது, அதன் பின்னரே பிரிகிறது. வளர்ச்சிக் கட்டத்தை விட்டு இரட்டிப்புக் கட்டத்துக்குப் போகும் இடத்தில் ஒரு வாசல் இருப்பதாகக் கொள்ளலாம். ஆர்பி என்ற புரதம் அந்த வாசலை மூடிவைத்திருக்கிறது. சிடிகே 4, சிடிகே 6 என்ற இரண்டு நொதிகள் அதைத் திறந்துவிடுகின்றன.

ஈஸ்ட்ரோஜெனை நம்பி வளரும் புற்றணுக்களில் அந்த ஹார்மோன்தான் இந்த நொதிகளை வேலைசெய்யத் தூண்டுகிறது. லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜெனைக் குறைத்து, தூண்டுதலைத் தடுக்கிறது. ஆனால் நாளடைவில் புற்றணு ஹார்மோன் இல்லாமலேயே வாசலைத் திறக்கக் கற்றுக்கொள்கிறது. அந்த இடத்தில்தான் பால்போசிக்லிப் உதவுகிறது. அது நேராக அந்த இரண்டு நொதிகளையும் முடக்கிவிடுவதால் வாசல் மூடியே இருக்கிறது, அணு பிரிய முடியாமல் நின்றுவிடுகிறது.

ஒரே நோய்க்கு ஏன் இரண்டு மாத்திரை என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஒன்று தூண்டுதலை நிறுத்துகிறது, மற்றது வாசலைப் பூட்டுகிறது. இரண்டில் ஒன்றை விட்டாலும் பலன் குறையும்.

வெள்ளையணு ஏன் குறைகிறது?

எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் இரவும் பகலும் பிரிந்து உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுதான் கிருமிகளை முதலில் எதிர்க்கும் காவல்காரன். அதன் ஆயுள் மிகக் குறுகியது என்பதால் மஜ்ஜை ஓயாமல் புதியவற்றை உண்டாக்க வேண்டியிருக்கிறது. அந்த இளம் அணுக்களும் பிரிவதற்கு சிடிகே 6 நொதியை நம்பியிருக்கின்றன. புற்றணுவின் வாசலைப் பூட்டும் மாத்திரை இவற்றின் வாசலையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது.

கீமோ மருந்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். கீமோ மஜ்ஜையின் இளம் அணுக்களைக் கொன்றுவிடுகிறது. அவை மீண்டும் முளைத்து வரக் காலமாகும். பால்போசிக்லிப் அவற்றைக் கொல்வதில்லை, தூங்க மட்டும் வைக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் அவை விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மூன்று வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு என்று 28 நாள் சுற்று வைத்திருப்பது அதற்காகத்தான்.

மேற்சொன்ன ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் மூன்றில் இருவருக்கு நியூட்ரோஃபில் 1,000-க்குக் கீழே போனது. ஆனாலும் அதனால் காய்ச்சலோடு கூடிய கடும் தொற்று வந்தவர்கள் நூற்றுக்கு இருவர் அளவில்தான் இருந்தனர். எண் குறைவது வழக்கம், ஆபத்து வருவது அரிது. ஆனால் அந்த அரிதான ஆபத்தை முன்கூட்டியே பிடிக்க எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்தெந்த நாளில் ரத்தம் எடுக்க வேண்டும்?

முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன் ஒருமுறை ரத்தம் எடுக்கப்படும். முதல் இரண்டு சுற்றுகளில் 15-ஆம் நாளில் ஒருமுறை பார்ப்பார்கள், ஏனென்றால் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் அளவு முதன்முதலாக இறங்கும். இதைத் தவிர, ஒவ்வொரு புதிய சுற்றைத் தொடங்கும் முன்னரும் பார்ப்பார்கள். முதல் ஆறு சுற்றுகளிலும் அளவு 1,000-க்குக் கீழே இறங்காதவர்களுக்கு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்று மருத்துவர் முடிவு செய்யலாம்.

எஃப்பிசி என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் சாதாரண ரத்தப் பரிசோதனைதான் இது. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. மருத்துவமனை தூரமாக இருக்கும் தோட்டத்து நோயாளிகள், 15-ஆம் நாள் ரத்தத்தை மட்டும் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் எடுத்து முடிவை அனுப்ப முடியுமா என்று முதல் நாளே கேட்டுவைக்கலாம்.

அறிக்கையில் எதைப் பார்ப்பது?

அறிக்கையில் பல வரிகள் இருக்கும். இந்த மாத்திரைக்கு முதலில் பார்க்க வேண்டியது WBC என்ற மொத்த வெள்ளையணு அளவு அல்ல, அதற்குள் நியூட்ரோஃபில் எவ்வளவு என்பதே. சில அறிக்கைகளில் அது நேராக அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றில் சதவீதமாக மட்டும் இருக்கும். அப்போது மொத்த வெள்ளையணுவைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். மொத்தம் 2.6, நியூட்ரோஃபில் 35 சதவீதம் என்றால் கணக்கு இப்படி வரும்:

2.6 × 35 ÷ 100 = 0.91

இங்கே 0.91 என்பது ஆயிரக் கணக்கு. அதாவது ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 910 நியூட்ரோஃபில்கள். இந்த எண்ணை மூன்று எல்லைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1.0-க்கு மேல் என்றால் புதிய சுற்றைத் தொடங்கலாம். 0.5-க்கும் 1.0-க்கும் இடையில் என்றால் கவனம் தேவை, அடுத்து என்ன செய்வது என்பது அது சுற்றின் எந்த நாள் என்பதைப் பொறுத்தது. 0.5-க்குக் கீழே என்றால் மாத்திரை உடனே நிறுத்தப்படும். அளவு 1.0-ஐத் தாண்டிய பிறகு, குறைந்த வீரியத்தில்தான் மீண்டும் தொடங்குவார்கள்.

அதே அறிக்கையில் சிவப்பணுக்களின் பருமனைக் காட்டும் MCV என்ற எண் மாதக் கணக்கில் மெல்ல ஏறுவதையும் காணலாம். இதுவும் மாத்திரையின் வேலைதான்.

ஒரு கணக்கு: மூன்று சுற்றுகள்

எலும்புக்கு நோய் பரவிய 58 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பால்போசிக்லிப் 125 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று, லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று. தொடங்கும் நாளில் அவருடைய நியூட்ரோஃபில் 3.6.

முதல் சுற்றின் 15-ஆம் நாளில் அது 0.91 ஆகிவிட்டது. காய்ச்சல் இல்லை, உடம்புக்கு எதுவும் இல்லை. இந்த நிலையில் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. 21 நாளையும் முடிக்கச் சொல்லி, 22-ஆம் நாளில் இன்னொரு முறை ரத்தம் பார்ப்பார்கள். அப்போது 0.8 வந்தது. அது 0.5-க்குக் கீழே போகாததால் வழக்கமான ஓய்வு வாரம் மட்டும் போதும்.

29-ஆம் நாள், இரண்டாவது சுற்றைத் தொடங்க வேண்டிய நாள். அளவு 0.9. இதே 0.9 சுற்றின் நடுவில் வந்திருந்தால் தொடர்ந்திருக்கலாம், ஆனால் தொடக்க நாளில் அது போதாது. மஜ்ஜை இன்னும் விழிக்காத நிலையில் மறுபடி பூட்டினால் அளவு மேலும் கீழே போகும். அதனால் பால்போசிக்லிப் ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. லெட்ரோசோல் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. அடுத்த வாரம் அளவு 1.4-ஆக ஏறியது. அதே 125 மில்லிகிராமில் இரண்டாவது சுற்று தொடங்கியது.

இரண்டாவது சுற்றின் 15-ஆம் நாளில் 0.7, 22-ஆம் நாளில் 0.6. மூன்றாவது சுற்றின் தொடக்க நாளில் 0.8. மறுபடியும் ஒரு வாரம் காத்திருந்த பிறகே 1.2-க்கு வந்தது. தொடக்க நாளில் இரண்டாவது முறையாக இப்படி ஆனதால், 125 மில்லிகிராம் அவருடைய மஜ்ஜைக்கு அதிகம் என்று மருத்துவர் முடிவு செய்து, மூன்றாவது சுற்றை 100 மில்லிகிராமில் தொடங்கினார். அதற்குப் பிறகு தொடக்க நாள் அளவுகள் 1.5, 1.6 என்று வந்தன. தள்ளிவைக்க வேண்டிய தேவை எழவில்லை.

வீரியத்தைக் குறைத்தால் நோய் மீண்டும் தலைதூக்குமோ என்ற அச்சம் குடும்பத்தாருக்கு வருவது இயல்பு. ஆய்வுகளில் இப்படி அளவு குறைத்தவர்களுக்கும் பலன் குறைந்ததாகத் தெரியவில்லை. 125, அடுத்து 100, கடைசியாக 75 என்று மூன்று படிகளை வைத்திருப்பதே இதற்காகத்தான். 75-லும் தாங்காவிட்டால் அந்த மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள்.

காய்ச்சல் வந்தால் கணக்கே வேறு

மேலே சொன்னதெல்லாம் காய்ச்சல் இல்லாதவர்களுக்குத்தான். உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, அடுத்த ரத்தப் பரிசோதனை நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே, இரவானாலும், மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காவல் அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். சீழ், வீக்கம் போன்ற வழக்கமான அடையாளங்களை உண்டாக்குவதும் அதே வெள்ளையணுக்கள்தான் என்பதால், தொற்று இருந்தும் வெளியில் காய்ச்சலைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் போகலாம்.

அதனால்தான் சூட்டை அளந்து பார்க்கும் முன் பனடோல் விழுங்குவது தவறு. காய்ச்சல் இறங்கிவிடும், ஆனால் கிருமி அப்படியே இருக்கும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருப்பது இந்தச் சிகிச்சைக்குக் கட்டாயத் தேவை. தொட்டுப் பார்த்துச் சொல்வது போதாது.

மலேசியச் சூழலில் இன்னொரு சிக்கலும் உண்டு. டெங்கிக் காய்ச்சலும் வெள்ளையணுக்களைக் குறைக்கிறது, ரத்தத் தட்டணுக்களையும் குறைக்கிறது. எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் தோட்டப்புறங்களில் வருவதுண்டு. "வட்டாரத்தில் டெங்கி இருக்கிறது, இதுவும் அதுவாகத்தான் இருக்கும்" என்று வீட்டில் முடிவுகட்டிவிடக் கூடாது. அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக, என்ன மாத்திரை எடுக்கிறார், இன்று சுற்றின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்ல வேண்டும். மாத்திரைப் பெட்டியையும் கடைசி ரத்த அறிக்கையையும் கையோடு கொண்டுபோவது நல்லது. அதைத் தெரிந்துகொண்டால்தான் மருத்துவர்கள் ரத்தத்தைப் பார்த்துக் கிருமிக்கான மருந்தைத் தாமதமின்றித் தொடங்க முடியும்.

வீட்டில் நடக்கும் தவறுகள்

அதிகம் நடக்கும் தவறு ஓய்வு வாரத்தில்தான். மருத்துவர் "ஒரு வாரம் நிறுத்துங்கள்" என்றால், பலர் இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிடுகிறார்கள். ஓய்வு பால்போசிக்லிப்புக்கு மட்டும்தான். லெட்ரோசோல் தினமும் தொடர வேண்டும். நாட்காட்டியில் 21 நாட்களை ஒரு நிறத்திலும் ஏழு நாட்களை இன்னொரு நிறத்திலும் வட்டமிட்டு வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்தது, ஓய்வு வாரம் முடிந்ததும் ரத்த முடிவைக் கேட்காமலேயே புதிய பெட்டியைப் பிரித்துவிடுவது. எட்டாவது நாள் வந்துவிட்டது என்பது மட்டும் தொடங்குவதற்குக் காரணம் ஆகாது. எண் 1.0-ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

ஒருநாள் மறந்துவிட்டாலோ, விழுங்கியதும் வாந்தி எடுத்துவிட்டாலோ, அன்று இன்னொன்று எடுக்கக் கூடாது. மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும் போதும். மருந்தின் விலை அதிகம் என்பதால், பெட்டி நீடிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பதும் சரியல்ல. செலவைத் தாங்க முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடமே வெளிப்படையாகச் சொல்லி மாற்று வழி கேட்க வேண்டும்.

சாப்பாட்டிலும் ஒரு கவனம் தேவை. குடலில் இந்த மருந்தைக் கரைக்கும் நொதியைக் கிரேப்ஃபுரூட் பழம் முடக்கிவிடும். அப்போது ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி, வெள்ளையணு மேலும் குறையும். ஈப்போவில் பெயர்பெற்ற பம்ளிமாஸ் பழமும் அதற்கு நெருங்கிய இனம் என்பதால், சிகிச்சைக் காலத்தில் அதையும் தவிர்ப்பது பாதுகாப்பு. காளான் நோய் மாத்திரைகள், சில ஆன்டிபயாட்டிக்குகள், வலிப்பு மருந்துகள், காசநோய் மருந்துகள் ஆகியவையும் இந்த மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். நாட்டு மருந்தோ ஜாமுவோ எடுப்பதாக இருந்தால், மறைக்காமல் மருந்தாளரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

மற்ற இரண்டு மாத்திரைகள்

ரிபோசிக்லிப்பும் மூன்று வாரம் எடுத்து ஒரு வாரம் விடும் மாத்திரைதான். 200 மில்லிகிராம் மாத்திரைகள் மூன்றை ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். வெள்ளையணுவோடு இதயத் துடிப்பின் ஓட்டத்தையும் அது மாற்றக்கூடும் என்பதால், தொடங்கும் முன்னும் முதல் சில வாரங்களிலும் ஈசிஜி எடுப்பார்கள். கல்லீரல் பரிசோதனையும் உண்டு.

அபெமாசிக்லிப் காலை ஒன்று, மாலை ஒன்று என்று இடைவெளி இல்லாமல் எடுக்கப்படுகிறது. அது சிடிகே 4-ஐ அதிகமாகவும் சிடிகே 6-ஐக் குறைவாகவும் தடுப்பதால் வெள்ளையணு அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதற்குப் பதிலாக வயிற்றுப்போக்கு வருகிறது. அதனால் முதல் முறை தளர்ந்து போனதுமே எடுத்துக்கொள்ள மாத்திரை முன்கூட்டியே கொடுக்கப்படும். கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றிலுமே அரிதாக நுரையீரலில் அழற்சி உண்டாகலாம். காய்ச்சல் இல்லாவிட்டாலும், புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ தொடங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரை எடுப்பவரின் பையில் எப்போதும் ஒரு சிறு குறிப்பேடு இருப்பது உதவும். சுற்று தொடங்கிய தேதி, மாத்திரையின் வீரியம், ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையின் நியூட்ரோஃபில் அளவு, அடுத்த ரத்தம் எடுக்கும் நாள் ஆகிய நான்கையும் அதில் எழுதிவைத்தால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அங்குள்ள மருத்துவர் ஒரு நிமிடத்தில் நிலைமையைப் புரிந்துகொள்வார்.